முண்டாசுக் கோடு

படத்தில் தலைப்பாகை வைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கோட்டு போட்டுத் தரலாம், மூடிய கண்ணைத் திறந்து தரலாம், சண்டை போட்டுக்கொண்ட மச்சானைக் குடும்பப் படத்திலிருந்து துடைத்தும் தரலாம். கழுத்துக்குக் கீழே என்ன செய்தாலும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தலை அப்படியில்லை. தலையில் வைக்கிற துணி தலையைச் சுற்றிப் போக வேண்டும். முன்பக்கத்தைப் பார்த்த உடனே, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கமும் அங்கே இருக்கிறது என்று பார்க்கிறவர் மனசு நம்ப வேண்டும். இல்லையென்றால் அது நெற்றியில் ஒட்டிய ஸ்டிக்கர்தான்.

ஸ்டுடியோ என் அக்கா வீட்டுக்காரருடையது. அத்தான் படம் எடுப்பார், வருகிறவர்களிடம் வாய் வலிக்காமல் பேசுவார், எதைக் கேட்டாலும் "ஆகிடும்" என்பார். ஆக்க வேண்டியவள் நான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் நானும். அந்தப் பக்கம் பேசுவது எல்லாம் இங்கே கேட்கும் என்பது அத்தானுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் "உள்ளே இருக்கிற அம்மா கொஞ்சம் கோபக்காரங்க, ஆனா வேலை சுத்தம்" என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லாமல் விடமாட்டார்.

அன்றைக்கு வந்தவர் டைல்ஸ் கடைக்காரர். ஐம்பதை நெருங்கியவர், நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. கையில் ஓர் அடையாள அட்டைப் படம். இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பெரிய படச்சட்டம். சட்டத்தைப் பிரித்துக் காட்டியபோது நான் தடுப்பைத் தாண்டி எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவு கண்ணராவி. வயதான ஒருவர் முகம், அதன் மேல் பளபளவென்று ஒரு ராஜா தலைப்பாகை, நடுவில் பச்சைக் கல். முகம் லேசாக வலப்புறம் திரும்பியிருக்கிறது, தலைப்பாகை நேராக நம்மைப் பார்க்கிறது. காதுக்கு மேல் ஒரு கொத்து நரைமுடி துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது.

"இது எங்க செஞ்சது?" என்றேன்.

"வேற ஒரு இடத்துல மேடம். எங்க அப்பா. தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு."

"இவருக்கு மந்திரவாதி வேஷம் எதுக்குப் போட்டாங்க?"

அத்தான் இருமினார். டைல்ஸ்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் பொண்ணும் அதையேதான் கேட்டா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவர் புது வீடு கட்டியிருக்கிறார். அம்மா மட்டும் பழைய ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறார். எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. படி ஏற முடியவில்லை என்றார், கீழேயே அறை ஒதுக்கினார்கள். அக்கம்பக்கம் பழக்கமில்லை என்றார், பழகிக்கொள்ளலாம் என்றார்கள். கடைசியில் ஒரு நாள், "உங்கப்பா இருக்கிற வீட்டுலதான் நான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். பழைய வீட்டில் அப்பா எங்கே இருக்கிறார் என்று மகன் கேட்டதற்கு, எல்லா இடத்திலும் என்று பதில். அதனால் புது வீட்டிலும் அப்பாவை வைத்துவிடுவது என்று மகன் முடிவு செய்தார். பெரிய படமாக, கூடத்தில், நடுச்சுவரில்.

ஆனால் அப்பா படத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. எந்தக் குடும்பப் படத்திலும் யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். முழுசாக இருப்பது இந்த அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். அதில் வெறும் தலை. படம் பிடித்த அலுவலகத்தில் தலையில் இருந்ததைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அதைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டியபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "தலையில ஒண்ணும் இல்லாம உங்கப்பா தெருவுல இறங்கினதே இல்ல. எடு அதை" என்றாராம்.

"அதான் மேடம், தலைப்பாகை வெச்சேன். அப்பவும் அம்மா வரல." அவர் பார்வை சட்டத்துக்குப் போனது. "அவங்களுக்கு அங்க தனியா ஏதாவது ஆயிடுமோன்னு எனக்குத் தூக்கம் வரல. போன வாரம் குளியலறையில வழுக்கியிருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சட்டத்தைத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைத்தேன். "நல்ல பட்டுத் தலைப்பாகையா, கல்லெல்லாம் இல்லாம, மரியாதையா இருக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார் டைல்ஸ்காரர். "ஆகிடும்" என்றார் அத்தான்.

நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த அவமானம் ஒழுங்காகச் செய்ததால் வந்தது. அடையாள அட்டைப் படத்தை முதலில் சுத்தம் செய்தேன். புள்ளிகளை எடுத்தேன், மஞ்சளை நீக்கினேன், முகத்தில் மேலும் கீழுமாக இருந்த நிறத்தை ஒரே சீராக்கினேன். தலைக்கு மேல் விரல் அகலம்கூட இடம் இல்லை. ஆகவே பின்னணியை மேலே நீட்டினேன். கண்மணியில் தெரிந்த வெளிச்சப் புள்ளியையும் மூக்கின் நிழலையும் வைத்து, வெளிச்சம் ஒரு பக்க ஜன்னலிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தேன். அதே பக்கம் வெளிச்சம் விழுந்த, அதே மாதிரி தலை திரும்பிய ஒரு பட்டுத் தலைப்பாகைப் படத்தை எங்கள் சேமிப்பிலிருந்து தேடி எடுத்தேன்.

பலர் செய்கிற தப்பு, முடியின் விளிம்போடு தலைப்பாகையை அளந்து வைப்பது. துணிக்கும் கனம் உண்டு. அது மண்டையைவிட வெளியே நிற்க வேண்டும், உள்ளே முடி அமுங்க வேண்டும். ஆகவே காதுக்கு மேலிருந்த முடியை முதலில் அழித்தேன். நமக்கு அருகில் இருக்கிற மடிப்புகளை அகலமாகவும், ஓரம் போகப் போக நெருக்கமாகவும் வளைத்தேன். அப்போதுதான் துணி பின்னால் திரும்பிப் போகிறது என்று கண் நம்பும். காதின் நுனி துணிக்கு வெளியே, லேசாகத் தள்ளப்பட்டு நிற்கும்படி வைத்தேன். நெற்றியில் துணி தொடுகிற இடத்தில் மெல்லிய கரிய நிழல், அதற்குக் கீழே வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பரவுகிற இன்னொரு மங்கலான நிழல். கடைசியில் தலைப்பாகையைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். முகம் மங்கலாக இருக்க, பட்டு மட்டும் இழை இழையாகத் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அத்தான் பார்த்துவிட்டு, "ஆள் எந்திரிச்சு வந்துடுவாரு போலிருக்கே" என்றார். டைல்ஸ்காரர் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டில் அக்காவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

நான்கைந்து நாள் கழித்து அதே படத்தை அதே காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தார். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று நானே போய்க் கேட்டேன்.

"நல்லா இருக்குன்னாங்க. முகம் அவரு முகம்தான்னாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'இது யாரு கட்டி விட்டது?'ன்னு கேட்டாங்க."

"கட்டி விட்டதா?"

"ஆமா. 'வேற யாரோ கட்டி விட்டிருக்காங்க'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. என் பொண்டாட்டி, வயசாகுது, ஞாபகம் தடுமாறுதுங்கறா. எனக்கும் அப்படித்தான் படுது." அவர் குரல் இறங்கியது. "இனிமே நான் கூப்பிட மாட்டேன் மேடம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவங்களையும் அழ வெக்கறேன்."

எனக்கு அழுகையைவிடக் கோபம் சீக்கிரம் வரும். "சார், உங்க அப்பா தலையில நெஜமா என்னதான் கட்டிக்கிட்டிருந்தாரு?" என்று கேட்டேன். "பட்டா?"

அவர் அத்தானைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். "முண்டாசு" என்றார்.

"என்ன முண்டாசு?"

"மொத்தச் சந்தையில மூட்டை தூக்கினாரு. மூட்டை உறுத்தாம இருக்க ஒரு துணியைச் சுத்திக் கட்டுவாங்கல்ல, அது. பழைய பருத்தித் துணி." அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். "புது வீடு மேடம். மாமனார் வீட்டு ஆளுங்க வருவாங்க, கடைக்காரங்க வருவாங்க. கூடத்துல போய் அதை எப்படி..."

"அப்ப உங்க அம்மா கேட்டது சரிதானே. பட்டைப் பார்த்தா யாரு கட்டினதுன்னுதானே கேப்பாங்க?"

அத்தான் மறுபடியும் இருமினார். நான் இந்த முறை நிறுத்திக்கொண்டேன். அந்த மனிதர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவர் அப்பாவை நினைத்து வெட்கப்படுகிறார், வெட்கப்படுவதை நினைத்தும் வெட்கப்படுகிறார். இரண்டும் ஒரே முகத்தில் இருந்தால் திட்ட மனசு வராது.

"அம்மா வர்றாங்கன்னா முண்டாசே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

நான் உள்ளே போய் அடையாள அட்டைப் படத்தை மறுபடி திறந்தேன். சுத்தம் செய்ததை அல்ல, முதலில் நகலெடுத்து வைத்த அசலை. முண்டாசு எவ்வளவு கீழே உட்காரும் என்று யோசித்தபடி நெற்றியைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

நெற்றியில் ஒரு கோடு. அதற்குக் கீழே முகம் வெயிலில் கருத்திருந்தது. மேலே தோல் வெளுத்திருந்தது. துணி மூடிய இடத்தில் வெயில் படவில்லை, மூடாத இடத்தில் வருஷக் கணக்காகப் பட்டிருக்கிறது. முண்டாசு தினமும் எங்கே உட்கார்ந்தது என்று வெயிலே வரைந்து வைத்திருந்தது. அதைத்தான் நான் நிறம் மேலும் கீழுமாக இருக்கிறதென்று சீராக்கித் தொலைத்திருந்தேன். அதன் மேல் பட்டுத் தலைப்பாகையை வைத்து நிழல் வேறு போட்டிருந்தேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

கோடு நேராகவும் இல்லை. அவருடைய இடது புருவத்துக்கு மேலே நன்றாகத் தாழ்ந்து, வலது பக்கம் போகப் போக ஏறியது. எங்கள் சேமிப்பில் இருந்த எந்தத் தலைப்பாகையும் அப்படிச் சாய்ந்து உட்காரவில்லை. கம்ப்யூட்டரில் சாய்த்துப் பார்த்தேன். மொத்தமாகச் சாய்த்தால் தலையிலிருந்து வழுக்கி விழப்போகிற மாதிரி இருந்தது. ஓரத்தை மட்டும் இழுத்தால் மடிப்புகள் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயும் போகாமல் நின்றன. துணி ஒரு பக்கம் தாழ்ந்தால் அதற்குக் காரணம் சுற்றில் இருக்கும். எந்தக் கை இழுத்தது, எங்கே செருகியது என்று தெரியாமல் மடிப்பை வரைய முடியாது. நெஜத் துணியை நெஜத் தலையில் கட்டிப் படம் எடுத்தால்தான் உண்டு.

அத்தான் தன் தலையைத் தானமாகக் கொடுத்தார். ஒரு துண்டைச் சுற்றிப் பார்த்தோம். அத்தானுடையது உருண்டைத் தலை. துண்டு சும்மாடு மாதிரி மேலே உட்கார்ந்ததே தவிர நெற்றிக்கு இறங்கவில்லை. "குடம் வெச்சா நிக்கும்" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைல்ஸ்காரர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்தபோது பக்கவாட்டில் திரும்பினார். முன்னும் பின்னும் நீண்ட மண்டை, பின்னுக்குச் சரிந்த நெற்றி, கொஞ்சம் மேலே முளைத்த காது. அடையாள அட்டையில் இருந்த தலை அங்கே உட்கார்ந்துகொண்டிருந்தது.

"சார், உங்க தலை வேணும்" என்றேன்.

அவர் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார். "நான் கட்டினதே இல்லையே. கட்டவும் தெரியாது."

"கட்டத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அப்பா கூட வேலை செஞ்சவங்க யாரும் இப்ப..." என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் யோசித்து, "அம்மாவைக் கேட்டுப் பார்க்கறேன். பார்த்திருப்பாங்க" என்றார்.

மறுநாள் காலையிலேயே இருவரும் வந்தார்கள். அந்த அம்மா நான் நினைத்ததைவிடக் குள்ளம். மகனுடைய நெஞ்சு உயரம்கூட வரமாட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. ஸ்டுடியோவில் இருந்த குடை விளக்குகளையும் பின்னால் தொங்கிய நீலத் திரையையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீதான் எங்க வீட்டுக்காரருக்குப் பட்டு கட்டினவளா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருந்துச்சு. எங்க கல்யாணத்துக்குக்கூட அவரு அப்படிக் கட்டல." கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். செய்தார்.

ஞாபகம் தடுமாறுகிற ஆள் இல்லை இது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அத்தான், அடையாள அட்டைப் படத்தில் வெளிச்சம் வந்த பக்கம் ஒரு விளக்கை மட்டும் வைத்தார். கேமராவை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று நான் சொன்னேன். கிட்டே இருந்து எடுத்தால் மூக்கு பெரிசாகும், தள்ளி இருந்து எடுத்தால் முகம் தட்டையாகும். பழைய படத்தில் மூக்கும் காதும் எந்த அளவில் இருந்தனவோ அந்த அளவு வரும்வரை முன்னே பின்னே நகர்த்தினோம். டைல்ஸ்காரர் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா பையிலிருந்து துணியை எடுத்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். துவைத்து மடித்து வைத்திருந்தார். "தண்ணி" என்றார். கொண்டு வந்தேன். துணியில் லேசாகத் தெளித்து, முறுக்கி உதறினார். "ஈரம் இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார். பிறகு மகன் முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்தார். பார்த்துப் பழகிய கை அப்படிப் போகாது. கட்டிப் பழகிய கை அது. எனக்கு அப்போது ஏதோ இடித்தது.

கட்டி முடித்ததும் அத்தான் ஒரு படம் எடுத்தார். நான் அதைத் திரையில் போட்டு, பழைய அசலைப் பாதி தெரிகிற மாதிரி அதன்மேல் வைத்து, கண்ணோடு கண்ணைப் பொருத்தினேன். மண்டை பொருந்தியது, காது பொருந்தியது. துணியின் ஓரம் பொருந்தவில்லை. முண்டாசு நெற்றியில் நேராக ஓடியது. கோடு சாய்ந்து ஓடியது.

"அம்மா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். திரையில் நெற்றியைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இந்தக் கோடு தெரியுதா? முண்டாசு உட்கார்ந்த இடம். இந்தப் பக்கம் இறங்கியிருக்கு. இப்ப கட்டினது நேரா இருக்கு."

அவர் திரையைப் பார்த்தார். திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். வெறும் தலைப் படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர், இப்போது திருப்பிக்கொள்ளவில்லை. விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, இடது புருவம் வரை ஓட்டினார்.

"உக்கார வெச்சுக் கட்டினா எப்படி வரும்?" என்றார். மகனிடம் திரும்பி, "எந்திரிச்சு நில்லு" என்றார்.

அவர் எழுந்து நின்றார். அந்த அம்மா முண்டாசை அவிழ்த்து மறுபடி ஆரம்பித்தார். இப்போது கைக்கு எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றார். மகன் தானாகக் குனிந்தார். சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் வலது கை எட்டாமல் துணியைக் கீழே இழுத்தது, இழுத்த பக்கம் தாழ்ந்தது, தாழ்ந்த பக்கமே முனையைச் செருகினார். அது மகனின் இடது புருவத்துக்கு மேலே. பிறகு உள்ளங்கையை உச்சியில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி, துணி நகர்கிறதா என்று பார்த்தார்.

"நீங்கதான் கட்டி விடுவீங்களாம்மா?" என்றேன்.

"கடைசி வரைக்கும் நான்தான். தோள் போனதுக்கப்புறம்."

"எந்தத் தோள்?" என்றார் மகன். குனிந்தது குனிந்தபடியே இருந்தார்.

"வலது தோள். நீ காலேஜ் சேர்ந்த வருஷம் மூட்டை சரிஞ்சு பட்டுச்சு. கை தலைக்கு மேல ஏறல. சட்டைகூட நான்தான் மாட்டி விடுவேன்."

"அதுக்கப்புறமும் மூட்டை தூக்கினாரே."

"தலையில ரெண்டு பேரு ஏத்தி விட்டுடுவாங்க, நடக்கறதுக்குத் தோள் எதுக்கு, கழுத்து போதும்பாரு." அவர் துணியின் ஓரத்தைச் சரி செய்துகொண்டே சொன்னார். "விடியறதுக்கு முன்னாடி கட்டி விடுவேன். நீ தூங்கிட்டிருப்பே. 'சொன்னா படிப்பை விட்டுட்டு நானும் வர்றேம்பான், சொல்லாதே'ன்னாரு அவரு. அப்புறம் சொல்றதுக்கு நேரம் வரல."

டைல்ஸ்காரர் நிமிரவில்லை. அம்மா தலைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. அத்தான் விளக்கைச் சரி செய்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். இருபது வருஷமாக ஊரார் முகங்களைத் துடைத்துச் சீராக்கிக்கொண்டிருக்கிறேன், இப்படி ஒன்றையும் எத்தனை பேர் நெற்றியிலிருந்து துடைத்தேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

"நிமிரு. அவிழ்ந்துடப் போகுது" என்றார் அம்மா.

நின்றபடியே எடுத்தோம். அத்தான் கேமராவை அவர் கண் உயரத்துக்கு ஏற்றினார். முகத்தைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பச் சொன்னேன். கண் சிவந்திருந்தால் பரவாயில்லை, எனக்கு வேண்டியது அதற்கு மேலே இருப்பதுதான் என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார்.

உள்ளே போய்ப் பொருத்தினேன். துணியின் ஓரம் அந்தக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. நூலளவு இங்கே அங்கே இருந்திருக்கலாம். நான் இழுக்கவில்லை, வளைக்கவில்லை. மகன் தலையிலிருந்து எடுத்த முண்டாசு அப்பா தலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனது. மடிப்புகள் எல்லாம் தாழ்ந்த பக்கத்தை நோக்கி ஓடி, செருகிய இடத்தில் முடிந்தன. கீழே இருந்த முடியை அழித்தேன். துணி தொடுகிற இடத்தில், படத்தோடு வந்த நிழலையே வைத்துக்கொண்டேன். துணியின் வெண்மை கொஞ்சம் புருவத்தின் மேல் அடித்தது, அதையும் விட்டுவைத்தேன். மங்கலாக்கினேன், பழைய படத்தில் இருந்த பொடிப் புள்ளிகளைத் துணி மேலும் தூவினேன். முகத்தின் வெயில் நிறத்தை ஓர் இடத்திலும் தொடவில்லை.

பெரிதாக அச்சிட்டு வெளியே கொண்டு வந்து, சுவரோரம் பெஞ்சில் நிமிர்த்தி வைத்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். மகன் தலையில் இன்னும் முண்டாசு இருந்தது, அவிழ்க்க அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

நான் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கட்டி விட்டது என்று மறுபடி கேட்டுவிட்டால் நான் இந்தத் தொழிலை விட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. படத்தில் அவருடைய இடது புருவத்துக்கு மேலே செருகியிருந்த முனையை விரலால் தொட்டார், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிற மாதிரி.

"கூடத்துலயேதான் மாட்டப் போறேம்மா" என்றார் மகன்.

"உன் மாமனார் வீட்டு ஆளுங்க வருவாங்க."

"வரட்டும். யாருன்னு கேட்டா சொல்றேன்."

அம்மா படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். பிறகு காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்:

"அந்த வீட்டுல சமையக்கட்டுல நின்னா இந்தச் சுவரு தெரியுமா?"